திடீர் சிறப்பு வசூல்: எதைக் கேட்கலாம், எப்படிக் கேட்கலாம்

2021 நவம்பர் 18ஆம் தேதி பெய்த பெருமழையில் திருப்பதியின் தெருக்கள் ஓடைகளாயின. திருமலையிலிருந்து இறங்கிய வெள்ளம் கபில தீர்த்தம் வழியாக நகருக்குள் பாய்ந்தது, சொர்ணமுகி கரை மீறியது, பல அடுக்குமாடிகளின் செல்லார்களில் தண்ணீர் நின்றது. செல்லாரில்தான் பெரும்பாலும் மோட்டாரும் மின் பலகையும் இருக்கும். லிஃப்ட் குழியின் அடிப்பகுதியும் அங்கேதான் வரும். அங்கே ஒரு நாள் தண்ணீர் நின்றால் லட்சக்கணக்கில் செலவு வரும். அந்தச் செலவு அடுத்த மாத மெயின்டனன்ஸ் பில்லில் 'சிறப்பு வசூல்' என்ற ஒற்றை வரியாக வந்து சேரும்.

வெள்ளம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. சித்தூரில் கோடையில் போர்வெல் வற்றினால் புதிய போர் போட வசூல் வரும். கட்டடம் பத்து வயதைத் தொட்டால் பெயின்ட் அடிக்க வரும். ஜெனரேட்டர் பழுதானாலும், கண்காணிப்பு கேமரா மாற்றினாலும் வரும். இவற்றில் பல நியாயமான செலவுகளே. நியாயமான செலவும் சரியான வழியில் முடிவாகி வந்திருக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை பேசும் விஷயம்.

வசூலைப் பார்த்ததும் பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, முணுமுணுத்தபடி கட்டிவிடுகிறார்கள். அல்லது கோபத்தில் அந்த மாத பில்லையே கட்டாமல் விடுகிறார்கள். முதலாமவருக்குப் பணம் எங்கே போனது என்று தெரியாமலே போகிறது. இரண்டாமவர் 'பாக்கிக்காரர்' ஆகிவிடுவதால் அவர் எழுப்பும் நல்ல கேள்விக்கும் மதிப்பு இருப்பதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே ஒழுங்கான ஒரு வழி இருக்கிறது.

அதிகாரம் எங்கிருந்து வருகிறது

அடுக்குமாடி அசோசியேஷன் அரசு அலுவலகம் அல்ல. வரி போடும் அதிகாரம் அதற்கு இயல்பாகக் கிடையாது. உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒப்புக்கொண்டு பதிவுசெய்த பைலாதான் அதன் அதிகாரத்தின் ஊற்று. ஆந்திரத்தில் 1987ஆம் ஆண்டின் அடுக்குமாடிகள் சட்டம் பொது இடங்களையும் அவற்றில் ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் உள்ள பிரிக்கப்படாத பங்கையும் பற்றிப் பேசுகிறது. நடைமுறையில் பெரும்பாலான அசோசியேஷன்கள் 2001ஆம் ஆண்டின் ஆந்திரப் பிரதேச சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதிவாகின்றன. சில, 1995ஆம் ஆண்டின் பரஸ்பர உதவிக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் கீழ் பதிவாகியிருக்கின்றன. உங்கள் அசோசியேஷன் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தகராறு முற்றினால் எந்த வாசலைத் தட்டுவது என்பது அதைப் பொறுத்தது. பதிவுச் சான்றிதழின் மேற்பகுதியிலேயே சட்டத்தின் பெயரும் ஆண்டும் இருக்கும்.

பைலாவின் நகல் தங்களிடம் இல்லை என்று கமிட்டி சொன்னால், பதிவான பிரதி பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும். விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால் நகல் பெறலாம். இந்தப் பகுதியில் பைலா பெரும்பாலும் ஆங்கிலத்திலோ தெலுங்கிலோ இருக்கும். தமிழ் மட்டுமே சரளமாகப் படிப்பவர்கள் அதைக் கண்டு தயங்க வேண்டாம். மூன்று பிரிவுகளை மட்டும் தெரிந்தவரிடம் படித்துக் காட்டச் சொன்னால் போதும். கமிட்டி தன் முடிவில் எவ்வளவு வரை செலவு செய்யலாம், அதற்கு மேல் யாருடைய ஒப்புதல் வேண்டும் என்பது முதல் பிரிவு. பொதுக்குழுவைக் கூட்ட எத்தனை நாள் முன்னறிவிப்பு, எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும் என்பது இரண்டாவது. செலவை வீடுகளுக்கு இடையே பிரிக்கும் முறை மூன்றாவது.

நீதிமன்றம் பார்ப்பது எது, பாராதது எது

இந்த வேறுபாடு புரியாமல் கேள்வி கேட்பவர்கள் வீணாகக் களைத்துப் போகிறார்கள். 'பெயின்ட் இப்போது தேவையா', 'இந்தக் கம்பெனி லிஃப்ட்டை விட அது நல்லதில்லையா' என்பவை பெரும்பான்மை முடிவுசெய்யும் விஷயங்கள். கூட்டத்தில் பேசி, வாக்கில் தோற்றுவிட்டால் அத்தோடு முடிந்தது. அதை நீதிபதி திரும்ப எடைபோட்டுச் சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது.

நீதிமன்றம் பார்ப்பவை வேறு. முடிவெடுத்தவருக்கு அதற்கான அதிகாரம் இருந்ததா? பைலா சொன்ன முறையில் கூட்டம் நடந்ததா? செலவு உண்மையில் பொதுச் செலவா, அல்லது வேறு யாரோ ஏற்க வேண்டியதா? சரியான விகிதத்தில் பிரிக்கப்பட்டதா? இந்த நான்கில் ஒன்று பிசகினாலும் வசூல் ஆட்டம் காணும். ஆகவே உங்கள் கேள்வியை இந்த நான்குக்குள் அடக்கிக்கொண்டால் அது வலுவாக நிற்கும்.

இதில் அவசரச் செலவுக்கு ஒரு விலக்கு உண்டு. செல்லாரில் தண்ணீர் நிற்கும்போது பொதுக்குழுவுக்கு முன்னறிவிப்பு கொடுத்துக் காத்திருக்க முடியாது. தண்ணீரை இறைக்க, மின்கசிவைத் தடுக்க, குடிநீர் டேங்கர் வரவழைக்க கமிட்டி உடனே செலவு செய்வது கடமை. அந்த அவசரத்தின் நிழலில் காத்திருக்கக்கூடிய வேலைகளையும் சேர்த்து ஒரே வரியில் வசூலிக்கும்போதுதான் கேள்வி பிறக்கிறது. எது இன்றே செய்ய வேண்டியது, எது அடுத்த கூட்டம் வரை பொறுக்கும் என்று பிரித்துக் காட்டச் சொல்வது உறுப்பினரின் உரிமை.

ஒரு பில்லைப் பிரித்துப் பார்ப்போம்

கணக்கோடு பார்த்தால் விஷயம் தெளிவாகும். திருப்பதியில் 40 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பைக் கற்பனை செய்துகொள்வோம். 20 வீடுகள் 1,000 சதுர அடி, மீதி 20 வீடுகள் 1,500 சதுர அடி. மொத்தம் 50,000 சதுர அடி. வழக்கமான மெயின்டனன்ஸ் சதுர அடிக்கு ரூ. 2.50. சிறிய வீட்டுக்கு மாதம் ரூ. 2,500, பெரிய வீட்டுக்கு ரூ. 3,750. சாவி கைக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

மழைக்குப் பிறகு வந்த பில்லில் 'வெள்ள பராமரிப்பு சிறப்பு வசூல்: வீட்டுக்கு ரூ. 20,000' என்று இருக்கிறது. நாற்பது வீடுகளுக்கு ரூ. 8 லட்சம். உறுப்பினர் ஒருவர் விவரம் கேட்டு எழுதுகிறார். கமிட்டி தரும் பிரிவு இது: லிஃப்ட் கன்ட்ரோல் பலகையும் வயரிங்கும் மாற்ற ரூ. 2,80,000. செல்லாரில் நீர் இறைக்கும் மோட்டாரும் சரிவுப் பாதையில் வடிகால் கம்பி மூடியும் ரூ. 90,000. வெளிப்புற பெயின்ட் ரூ. 3,50,000. 'இதர எதிர்பாராச் செலவு' ரூ. 80,000.

விவரம் கேட்ட அந்த ஒரு கடிதமே பாதி வேலையை முடித்துவிட்டது. வெள்ளத்தின் பெயரில் வந்த எட்டு லட்சத்தில் மூன்றரை லட்சம் பெயின்ட். அது மழைக்கு முன்பே பேச்சில் இருந்த வேலையாக இருக்கலாம், தேவையான வேலையாகவும் இருக்கலாம். ஆனால் அது அவசரம் அல்ல. தனியாக மதிப்பீடு வாங்கி, பொதுக்குழுவில் வைத்து, ஒப்புதல் பெற வேண்டியது. 'இதர' என்ற எண்பதாயிரத்துக்கு எந்த மதிப்பீடும் இல்லை. மீதமிருப்பது லிஃப்டும் செல்லாரும். இவை இரண்டும் உண்மையான வெள்ளச் செலவுகள். ஆயினும் ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி இருக்கிறது.

லிஃப்ட் விஷயத்தில் முதலில் பார்க்க வேண்டியது ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம். உதிரிபாகமும் சேர்ந்த ஒப்பந்தமா, வெறும் சர்வீஸ் ஒப்பந்தமா? உதிரிபாகம் சேர்ந்ததாக இருந்தாலும், தண்ணீர் புகுந்த சேதத்தை விலக்கும் வரி அதில் இருக்கிறதா என்று படிக்க வேண்டும். அடுத்தது காப்பீடு. கட்டடத்தின் பொதுப் பகுதிகளுக்கு அசோசியேஷன் பாலிசி எடுத்திருந்தால், அதில் வெள்ளம் சேர்ந்திருந்தால், கிளெய்ம் போட்டார்களா? காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் வந்து பார்ப்பதற்கு முன்பே பழைய பலகையைக் கழற்றி இரும்புக்கடைக்கு அனுப்பிவிட்டால் கிளெய்மே கெட்டுப்போகும். நமது எடுத்துக்காட்டில் காப்பீட்டிலிருந்து ரூ. 1,20,000 வருகிறது என்று கொள்வோம். லிஃப்டுக்கு உறுப்பினர்கள் ஏற்க வேண்டியது ரூ. 1,60,000 மட்டும்.

கட்டியவர் ஏற்க வேண்டிய செலவு

செல்லாரின் தொண்ணூறாயிரத்தில் உள்ள கேள்வி இன்னும் முக்கியமானது. தெருவில் ஓடும் தண்ணீர் செல்லாருக்குள் இறங்காமலிருக்க, சரிவுப் பாதையின் தலையில் ஒரு மேடும் அதன் முன் குறுக்கே ஒரு வடிகாலும் இருக்க வேண்டும். உள்ளே இறங்கிய தண்ணீரை இறைக்கக் குழியும் மோட்டாரும் இருக்க வேண்டும். இவை தொடக்கத்திலேயே இல்லாமலோ தவறாகவோ கட்டப்பட்டிருந்தால், அது கட்டுமானக் குறை.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின், அதாவது ரெராவின், 14ஆவது பிரிவு இங்கே உதவுகிறது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள், கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ சேவைகளிலோ குறை இருப்பதாகப் பில்டருக்குத் தெரிவித்தால், அவர் 30 நாட்களுக்குள் கூடுதல் பணம் வாங்காமல் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு கேட்கலாம். ஆந்திர ரெரா ஆணையத்தில் அந்தப் புகாரைத் தாக்கல் செய்யலாம். நிலப்பரப்பு 500 சதுர மீட்டருக்குள்ளும் வீடுகள் எட்டுக்குள்ளும் இருக்கும் சிறு கட்டடங்களுக்கு ரெரா பதிவு கட்டாயமில்லை. பழைய கட்டடங்களுக்கும் இந்த வழி பெரும்பாலும் மூடியிருக்கும். ஆகவே உங்கள் கட்டடத்துக்கு ரெரா பதிவு எண் இருக்கிறதா, சாவி வாங்கிய தேதி எது என்ற இரண்டையும் முதலில் பார்த்துவிடுங்கள்.

இதில் பலர் தவறவிடுவது காலம். ஐந்து ஆண்டுக்குள் குறையைப் பில்டரின் கவனத்துக்கு எழுத்தில் கொண்டுவந்திருக்க வேண்டும். கமிட்டி அதைச் செய்யாமல் உறுப்பினர்களிடம் வசூலித்துச் சரிசெய்துவிட்டால், குறை இருந்ததற்கான தடயமும் அழிந்துவிடும், உரிமையும் நாளடைவில் காலாவதியாகும். செல்லாரை இடித்துக் கட்டுவதற்கு முன் தேதி தெரியும்படி புகைப்படங்கள் எடுத்து, ஒரு பொறியாளரின் குறிப்பை வாங்கி, பில்டருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள் என்று ஒரே ஒரு உறுப்பினர் வலியுறுத்தினால் போதும், நாற்பது வீடுகளுக்கும் பயன். அடுத்த மழைக்குள் வேலை முடிய வேண்டியிருந்தால், அசோசியேஷன் இப்போது செலவு செய்துவிட்டு, அந்தத் தொகையைப் பில்டரிடம் திரும்பக் கேட்கலாம். அப்படியானால் வசூல் தீர்மானத்திலேயே 'பில்டரிடமிருந்து திரும்ப வந்தால் உறுப்பினர்களுக்கு வரவு வைக்கப்படும்' என்று எழுதச் சொல்லுங்கள்.

இதே இடத்தில் கார்ப்பஸ் நிதியைப் பற்றியும் கேட்க வேண்டும். வீடு வாங்கியபோது ஒவ்வொருவரும் பில்டரிடம் கட்டிய அந்தத் தொகை அசோசியேஷன் கணக்குக்கு வந்துசேர்ந்ததா? வந்திருந்தால் எந்த வங்கியில், எவ்வளவு, அதன் வட்டி எதற்குச் செலவாகிறது? இன்னும் பில்டரிடமே இருந்தால், உறுப்பினர்களிடம் கையேந்துவதற்கு முன் அதைக் கேட்டு வாங்குவதே கமிட்டியின் முதல் வேலை.

எப்படிப் பிரிப்பது

இனி பங்கீடு. எடுத்துக்காட்டில் மாதாந்தர மெயின்டனன்ஸ் சதுர அடிக் கணக்கில் வருகிறது. சிறப்பு வசூல் மட்டும் வீட்டுக்கு ஒரே தொகை. சிறிய வீட்டுக்காரருக்கு இது பாதகம். லிஃப்டை எல்லாரும் ஒரே மாதிரிதானே பயன்படுத்துகிறோம் என்பது கமிட்டியின் வாதமாக இருக்கும். தரைத்தளத்துக்காரர் தான் லிஃப்டே ஏறுவதில்லை என்பார். இரண்டிலும் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆனால் எது அதிக நியாயம் என்று பார்த்து அந்தந்த வசூலுக்கு ஒரு முறையைத் தேர்ந்தெடுக்க முடியாது. பைலாவிலும் விற்பனைப் பத்திரத்திலும் எந்த முறை எழுதியிருக்கிறதோ அதுதான். இந்தப் பகுதிப் பத்திரங்களில் உங்கள் பிரிக்கப்படாத நிலப்பங்கு சதுர கஜக் கணக்கில் எழுதியிருக்கும். அதையும் எடுத்துப் பாருங்கள்.

புனேயில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் இதே தகராறு எழுந்து, 2025இல் மும்பை உயர் நீதிமன்றம் வரை போனது. பெரிய வீட்டுக்காரர்கள் எல்லா வீட்டுக்கும் சமமான கட்டணம் வேண்டும் என்றார்கள். மகாராஷ்டிர அடுக்குமாடி உரிமைச் சட்டம் பிரிக்கப்படாத பங்கின் விகிதப்படியே செலவைப் பிரிக்கச் சொல்கிறது, அதன்படியே கட்ட வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அது மகாராஷ்டிரச் சட்டத்தை ஒட்டிய தீர்ப்பு. ஆந்திரத்தில் அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அது காட்டும் அணுகுமுறை எங்கும் பொருந்தும்: பங்கீடு என்பது கூட்டத்துக்குக் கூட்டம் மாறும் விருப்பம் அல்ல, ஆவணத்தில் எழுதிய விதி. அந்த விதி சரியில்லை என்று பெரும்பான்மை நினைத்தால், பைலாவைத் திருத்தி, திருத்தத்தைப் பதிவாளரிடம் பதிவுசெய்துவிட்டு மாற்றலாம். ஒரு வசூலுக்காக மட்டும் அதைத் தாண்டிப் போக முடியாது.

நமது கணக்கைத் தொடர்வோம். பெயின்ட் அடுத்த பொதுக்குழுவுக்குத் தள்ளப்படுகிறது. 'இதர' நீக்கப்படுகிறது. லிஃப்டுக்கு ரூ. 1,60,000, செல்லாருக்கு ரூ. 90,000. மொத்தம் ரூ. 2,50,000. சதுர அடிக்கு ரூ. 5 வீதம் பிரித்தால் சிறிய வீட்டுக்கு ரூ. 5,000, பெரிய வீட்டுக்கு ரூ. 7,500. இருபதாயிரம் என்று தொடங்கிய வசூல் இந்த அளவுக்கு வந்திருக்கிறது. இதில் ஊழல் எதுவும் நடந்ததாகச் சொல்லவில்லை. கமிட்டியில் இருப்பவர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாமல் தங்கள் நேரத்தைக் கொடுப்பவர்கள். எல்லாவற்றையும் ஒரே வசூலில் முடித்துவிடலாம் என்ற அவசரமே இத்தனை வித்தியாசத்துக்குப் போதுமானது.

ஜிஎஸ்டி என்று சேர்த்திருந்தால்

சிறப்பு வசூலோடு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து வந்தால் இரண்டு வரம்புகளைச் சரிபாருங்கள். ஒரு உறுப்பினர் மாதம் ரூ. 7,500 வரை கட்டும் தொகைக்கு வரிவிலக்கு உண்டு. அதோடு, அசோசியேஷனின் ஆண்டு வரவு ரூ. 20 லட்சத்தைத் தாண்டாவிட்டால், ரூ. 7,500க்கு மேல் வசூலித்தாலும் வரி கட்ட வேண்டியதில்லை என்று மத்திய வரி வாரியமே 2019 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையில் விளக்கியிருக்கிறது.

எடுத்துக்காட்டுக் குடியிருப்பின் வழக்கமான வரவு மாதம் ரூ. 1,25,000, ஆண்டுக்கு ரூ. 15 லட்சம். எட்டு லட்சத்தைச் சேர்த்தால் ரூ. 23 லட்சமாகி வரம்பைத் தாண்டிவிடும். இரண்டரை லட்சத்தைச் சேர்த்தால் ரூ. 17.5 லட்சம்தான், வரம்புக்குள் நிற்கும். யோசிக்காமல் போட்ட பெரிய வசூல் வேலைச் செலவோடு வரியையும் கூட்டிக்கொண்டு வரும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

வரம்பைத் தாண்டிய இடத்தில் இன்னொரு கேள்வி எழுகிறது. வரி முழுத்தொகைக்கா, ரூ. 7,500க்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டுமா? முழுத்தொகைக்கும் என்றது அதே சுற்றறிக்கை. மேற்பட்ட பகுதிக்கு மட்டுமே என்று கிரீன்வுட் உரிமையாளர்கள் சங்க வழக்கில் 2021 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறிய வீட்டுக்காரர் ஒரு மாதத்தில் ரூ. 22,500 கட்டுவதாக வைத்தால், முதல் கணக்கில் வரி ரூ. 4,050, இரண்டாவதில் ரூ. 2,700. சென்னைத் தீர்ப்பு ஆந்திர அதிகாரிகளைக் கட்டாயம் கட்டுப்படுத்தாது, வாதத்தில் எடுத்துக்காட்டப் பயன்படும். எந்தக் கணக்கைப் பின்பற்றுகிறீர்கள் என்று அசோசியேஷனின் ஆடிட்டரிடம் எழுத்தில் கேளுங்கள். வரி வசூலிக்கும் பில்லில் ஜிஎஸ்டி பதிவு எண் இருக்கவே வேண்டும். எண் இல்லாமல் வரி கேட்டால் அதைக் கட்ட வேண்டியதில்லை.

கேட்கும் முறை

முதல் அடி, வழக்கமான மெயின்டனன்ஸைத் தவறாமல் கட்டுவது. லிஃப்ட், வாட்ச்மேன், தண்ணீர் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. அதை நிறுத்துவது அண்டை வீட்டாரைத் தண்டிப்பதாகும். பல பைலாக்களில் பாக்கி வைத்தவருக்கு வாக்குரிமை இல்லை என்றும் இருக்கும். கூட்டத்தில் கை தூக்க முடியாத நிலைக்கு நீங்களே உங்களைத் தள்ளிக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது அடி, எழுத்து. வாட்ஸ்அப் குழுவில் வாக்குவாதம் செய்தால் மனக்கசப்புதான் மிஞ்சும், பதில் வராது. செயலாளருக்கு மின்னஞ்சலிலோ கையெழுத்திட்ட கடிதத்திலோ கேளுங்கள். கடிதம் இவ்வளவு இருந்தால் போதும்:

'இந்த மாதப் பில்லில் வந்துள்ள சிறப்பு வசூல் குறித்து, இதை முடிவுசெய்த கூட்டத்தின் தேதி, முன்னறிவிப்பு, தீர்மான நகல், எந்த பைலா விதியின் கீழ் வசூலிக்கப்படுகிறது என்ற விவரம், வேலைவாரியான மதிப்பீடுகள், பங்கீட்டு முறை, காப்பீடு மற்றும் கார்ப்பஸ் நிதியின் நிலை ஆகியவற்றைப் பதினைந்து நாட்களுக்குள் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். வழக்கமான மெயின்டனன்ஸ் தொகையைச் செலுத்திவிட்டேன்.'

இதில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆவணம் கேட்பவருக்குப் பதில் சொல்வது எளிது. பழி சொல்பவருக்குக் கமிட்டி ஒற்றுமையாக நின்று எதிர்ப்புதான் தெரிவிக்கும். நான்கைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து கையெழுத்திட்டால் கடிதத்தின் எடை கூடும். திருப்பதியில் பல வீடுகளின் உரிமையாளர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். வாடகைக்கு இருப்பவருக்கு வசூலைப் பற்றிக் கேட்கும் உரிமையும் வாக்கும் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆகவே உரிமையாளரின் மின்னஞ்சலையே சேர்த்துக்கொள்ள வேண்டும். லிஃப்ட் மாற்றுவது போன்ற மூலதனச் செலவை வாடகைதாரர் தலையில் கட்டுவதும் பொருந்தாது. வாடகை ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய, அது உரிமையாளரின் செலவு.

மூன்றாவது அடி, கடைசித் தேதி நெருங்கியும் பதில் வராதபோது எடுக்கும் முடிவு. கட்டாமல் இருந்தால் தாமதக் கட்டணம் ஏறும் என்றால், எதிர்ப்பைப் பதிவுசெய்துவிட்டுக் கட்டுங்கள். 'இந்தத் தொகையின் செல்லுபடியை ஏற்காமல், என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் செலுத்துகிறேன்' என்று எழுதி அனுப்பிவிட்டு வங்கி வழியாகக் கட்டினால், பிறகு திரும்பக் கேட்கும் வழி திறந்தே இருக்கும். ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம்.

நான்காவது அடி, பொதுக்குழு. குறிப்பிட்ட எண்ணிக்கை உறுப்பினர்கள் எழுதிக் கேட்டால் சிறப்புப் பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும் என்று பைலாக்களில் ஒரு விதி வழக்கமாக இருக்கும். அந்த எண்ணிக்கையைத் திரட்டுங்கள். கூட்டத்தில் மூன்று தீர்மானங்களைக் கேளுங்கள்: அவசர வேலையும் மற்ற வேலையும் தனித்தனியாக வாக்குக்கு வரட்டும், பெரிய வேலைகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்பீடுகள் வாங்கப்படட்டும், வேலை முடிந்ததும் ரசீதுகளோடு செலவுக் கணக்கு சுற்றுக்கு வந்து மிச்சம் வரவு வைக்கப்படட்டும். கூட்டம் தெலுங்கில் நடந்தாலும் முடிவில் எழுதப்படும் தீர்மானத்தை உரக்கப் படிக்கச் சொல்லி, புரியாததை விளக்கச் சொல்லிவிட்டே வெளியே வாருங்கள். பேசியது ஒன்று, பதிவானது வேறு என்ற தகராறு அப்போது வராது.

போர்வெல் வசூலுக்கு மட்டும் ஒரு கூடுதல் கேள்வி உண்டு. 2002ஆம் ஆண்டின் ஆந்திர நீர், நிலம், மரங்கள் சட்டத்தை இங்கே எல்லாரும் 'வால்டா' என்பார்கள். புதிய போருக்கு அதன் கீழ் அனுமதி வேண்டும். அனுமதி வாங்காமல் தோண்டத் தொடங்கி, நடுவில் நிறுத்தச் சொன்னால் வசூலித்த பணம் பாறையில் போகும். அனுமதி நகலையும் நிலத்தடி நீர் பார்த்தவரின் குறிப்பையும் கேட்டுவிட்டே பணம் கொடுங்கள்.

இவை பலிக்காதபோது

மாவட்டப் பதிவாளரிடம் புகார் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அவரிடமிருந்து பதிவான பைலா, கமிட்டிப் பட்டியல் முதலிய ஆவணங்களைப் பெறலாம். அவர் அலுவலகம் அரசு அலுவலகம் என்பதால், அங்கே தாக்கலானவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழும் கேட்கலாம். ஆனால் உறுப்பினருக்கும் கமிட்டிக்கும் இடையிலான பணத் தகராறைத் தீர்த்துவைப்பது அவர் வேலை அல்ல. 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆவது பிரிவு அதற்கு இரண்டு வழிகளைச் சொல்கிறது: 1996ஆம் ஆண்டின் சமரசச் சட்டத்தின்படி நடுவர் மூலம் தீர்த்துக்கொள்வது, அல்லது மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்வது. பரஸ்பர உதவிக் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவானவற்றுக்கு அந்தச் சட்டத்தின் தீர்ப்பாயம்.

ஐயாயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் தனியாளாக நீதிமன்றம் போவது கட்டுப்படியாகாது. வக்கீல் கட்டணமே அதைத் தாண்டும். பலர் சேர்ந்து போவதற்கும், பங்கீட்டு விதி போல ஆண்டுதோறும் திரும்ப வரும் பிரச்சினைக்கும்தான் அது பொருத்தம். மற்றவற்றுக்கு, இரு தரப்பும் ஏற்கும் ஒரு நடுவரிடம், ஓய்வுபெற்ற பொறியாளரோ ஆடிட்டரோ யாராக இருந்தாலும், கணக்கைக் கொடுத்துத் தீர்த்துக்கொள்வதே சிறந்தது.

வசூல் கட்டாதவரின் மின்சாரத்தை நிறுத்துவேன் என்று கமிட்டி மிரட்டினால் அது செல்லாது. உங்கள் வீட்டு மீட்டர் உங்களுக்கும் திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட தெற்கு மின் பகிர்மான நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம். அதில் அசோசியேஷனுக்கு இடமில்லை. மின்சாரம் அடிப்படைத் தேவை என்பதை, வாடகைதாரர் ஒருவரின் வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. பாக்கியை வசூலிக்க அசோசியேஷனுக்குச் சட்ட வழிகள் உண்டு. குழாயையும் வயரையும் பிடுங்குவது அவற்றில் ஒன்றல்ல.

இவ்வளவும் கேட்பவருக்கும் ஒரு கடமை இருக்கிறது. முறையாகக் கூட்டப்பட்ட பொதுக்குழுவில், விவரமான மதிப்பீட்டோடு, பைலா சொன்ன விகிதத்தில் ஒரு வசூல் தீர்மானமாகிவிட்டால், நீங்கள் எதிர்த்து வாக்களித்திருந்தாலும் அதைக் கட்ட வேண்டும். கமிட்டியைக் கட்டுப்படுத்தும் அதே பைலா உங்களையும் கட்டுப்படுத்துகிறது. கேள்வி கேட்டவரே முதல் ஆளாகக் கட்டும்போது, அடுத்த வசூலுக்கு முன்பே கமிட்டி அவரிடம் கணக்கைக் காட்டும்.